ஒரே ஒரு வயல் படத்திலிருந்து ஸ்லைடு பின்னணி

புகைப்படத்தை அப்படியே ஸ்லைடின் பின்னால் வைத்து மேலே எழுதினால், நெல் கதிருக்கும் எழுத்துக்கும் சண்டை வந்துவிடும். பார்ப்பவர் கண் கதிரின் பக்கமும் போகும், எழுத்தின் பக்கமும் போகும், இரண்டிலும் நிற்காது. அதே படத்தை உருவமே தெரியாத அளவுக்கு மங்கவைத்து, நிறத்தை மட்டும் மிச்சம் வைத்தால், ஊரின் வெளிச்சமும் சாயலும் ஸ்லைடில் இருக்கும், எழுத்தும் தடையின்றித் தெரியும். அதை ஒரு படத்தை வைத்து முதலிலிருந்து கடைசி வரை செய்து பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

மங்கவைக்கும் வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பின்னணி நன்றாக வருவதும் வராததும் அதற்கு முன்பே, படத்தில் எந்தப் பகுதியை வெட்டி எடுத்தோம் என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதனால் வெட்டுவதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

கணினியில் `GIMP` என்ற இலவச மென்பொருள் இருந்தால் போதும். இங்கே குறிப்பிடும் மெனுப் பெயர்கள் அதன் 2.10 பதிப்பில் உள்ளவை.

எந்தப் படம்?

டெல்டாவில் படத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் பருவத்துக்குப் பருவம் கிடைக்கும் நிறம் வேறு. குறுவை நாற்றங்காலில் கண்ணைப் பறிக்கும் இளம்பச்சை. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் பாதி சேறு, பாதி வானம். தை மாதத்தில் சம்பா முற்றிப் பொன்னிறமாக நிற்கும். அறுவடைக்குப் பிறகு உளுந்து கிடக்கும் மாதங்களில் எல்லாம் சற்று வெளிறித் தெரியும்; அந்த வெளிறிய பச்சையும் மண்ணும் பின்னணிக்கு அருமையாக அமையும் என்பது என் எண்ணம், படமாகப் பார்த்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்றாலும்.

இதை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மங்கவைத்த பிறகு படத்தின் அழகில் எதுவும் மிஞ்சாது. பெரிய கோவில் விமானத்தை மங்கவைத்தால் அது பழுப்பு நிறத்தில் ஒரு முக்கோணக் கறை. காவிரிப் படித்துறையில் துணி துவைப்பவர் நான்கு புள்ளிகளாகிவிடுவார். நல்ல படமா என்று கேட்காமல், இதில் பெரிய நிறப்பரப்புகள் எவை, அவை எங்கே இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஓரளவு புரியும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், படத்தின் ஒரு நகலைத் திறந்து `Image > Scale Image` வழியாக அகலம் 16 பிக்சலாகச் சுருக்கி, திரை நிறையும்படி பெரிதாக்கிப் பாருங்கள். கட்டம் கட்டமாகத் தெரியும் அந்த நிறங்களே உங்கள் பின்னணியின் நிறங்கள். அவை பிடிக்கவில்லை என்றால் வேறு படத்துக்குப் போய்விடலாம். பின்னால் எவ்வளவு திருத்தினாலும் பெரிதாக மாறாது.

நம் உதாரணத்துக்கு இப்படி ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலை, பொங்கலை ஒட்டிய நாள், மாலை நான்கரை மணி வெயில். கைப்பேசியில் எடுத்தது, அகலம் 4000 பிக்சல், உயரம் 3000. மேல் மூன்றில் ஒரு பங்கு நீல வானம். நடுவில் தென்னையும் வாழையுமாக ஒரு கரும்பச்சைக் கோடு. கீழ்ப்பாதி முழுக்க வயல்: இடப்பக்கம் இன்னும் பச்சை மாறாத பயிர், வலப்பக்கம் முற்றிச் சாய்ந்த கதிர், வலது கீழ்மூலையில் வானத்தைக் காட்டும் ஒரு துண்டு வாய்க்கால் தண்ணீர். வரப்பில் தோளில் சிவப்புத் துண்டோடு ஒருவர்.

வெட்டுவது

படத்தை முழுதாக மங்கவைத்தால் என்ன ஆகும் என்று முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் தொடங்கும் இடம் அதுதான். மேலே வெளிர்நீலம், கீழே பொன்மஞ்சள், நடுவில் கரும்பச்சை. நீலமும் பொன்மஞ்சளும் ஒன்றுக்கொன்று எதிர்நிறங்கள். மங்கவைப்பது என்றால் ஒவ்வொரு பிக்சலையும் அக்கம்பக்கத்தோடு கலந்து சராசரி எடுப்பது. எதிர்நிறங்களின் சராசரி சாம்பல். ஆக, மரக்கோடு இருந்த இடத்தில், அதாவது ஸ்லைடின் நட்ட நடுவில், அழுக்குத் தண்ணீர் நிறத்தில் ஒரு பட்டை குறுக்கே ஓடும். எழுத்து வருவதும் அங்கேதான். மேல் வரிகள் வெளிர்நிறத்தின் மேலும் நடு வரிகள் இருட்டின் மேலும் நிற்பதால், வெள்ளை எழுத்தும் சரிப்படாது, கறுப்பு எழுத்தும் சரிப்படாது.

இதற்கு வழி, நிறச் சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நிறங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிவது. பச்சையும் பொன்மஞ்சளும் அண்டை வீட்டுக்காரர்கள். அவற்றின் சராசரி கிளிப்பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையில் எங்காவது வரும், சாம்பலுக்குப் போகாது. ஆகவே வானம் வேண்டாம், மரமும் வேண்டாம், வயல் மட்டும். அந்தி வானத்தை விரும்புபவர்கள் இதையே தலைகீழாகச் செய்யலாம்: செம்மஞ்சளும் இளஞ்சிவப்பும் உள்ள வானம் மட்டும், வயல் வேண்டாம். இரண்டையும் ஒரே ஸ்லைடில் வைக்க ஆசைப்படும்போதுதான் சேறு கலக்கிறது.

வெட்டும் கருவிக்கு `Shift+C`. இடப்பக்கம் அதன் அமைப்புகளில் `Fixed` என்பதை டிக் செய்து, `Aspect ratio` தேர்ந்தெடுத்து, கீழே `16:9` என்று தட்டுங்கள். இன்று பெரும்பாலான ஸ்லைடுகளின் வடிவம் அது. நம் படத்தில் மரக்கோடு மேலிருந்து சுமார் 1450 பிக்சலில் முடிகிறது என்றால், கொஞ்சம் இடம் விட்டு 1540-இல் தொடங்கி, அகலம் 2560, உயரம் 1440 வருமாறு பெட்டியை வையுங்கள். இடம் விடுவது முக்கியம். விளிம்பில் மரத்தின் நிழல் சிறிதளவு உள்ளே வந்தாலும், மங்கிய பிறகு மேல் ஓரம் முழுக்க இருண்டு தெரியும். பெட்டியை வைத்ததும் `Enter`.

சிவப்புத் துண்டுக்காரர் இன்னும் உள்ளே நிற்கிறார். சின்ன உருவமென்றால் மறைந்துவிடும். வயலில் இறங்கிய கொக்குகள் அப்படி மறைந்துவிடும். ஆனால் வெட்டிய படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும் அடர்நிறம், மங்கிய பிறகும் வெளிர்ச்சிவப்பாகத் தங்கிவிடும். பார்ப்பவர்கள் அதை நிறம் என்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள்; திரையில் வெற்றிலைச் சாறு தெறித்திருக்கிறது என்று நினைப்பார்கள். பெட்டியைப் பக்கவாட்டில் நகர்த்தி அவரை வெளியே விடுவது எளிது. முடியாவிட்டால் `Clone` கருவியால் பக்கத்துக் கதிர்களை எடுத்து அவர் மேல் பூசிவிடலாம். எப்படியும் மங்கப்போவதால் பூச்சு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, நிறம் பொருந்தினால் போதும்.

அளவு, பிறகு மங்கல்

வெட்டியதை உடனே ஸ்லைடு அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்: `Image > Scale Image`, அகலம் 1920, உயரம் 1080. இதை மங்கவைத்த பிறகு செய்தால் என்ன என்று கேட்கலாம். மங்கலின் அளவைப் பிக்சலில்தான் கொடுக்கிறோம். இன்றைக்கு 4000 பிக்சல் படம், நாளைக்கு 2000 பிக்சல் படம் என்றால், அதே எண் இரண்டிலும் வேறுவேறு விளைவைத் தரும். எல்லாவற்றையும் 1920-க்குக் கொண்டுவந்துவிட்டால் ஒருமுறை பழகிய எண் என்றைக்கும் பொருந்தும்.

அடுத்து ஒரு சின்ன வேலை: `Image > Precision > 32 bit floating point`. இது எதற்கு என்று சற்றுக் கழித்துச் சொல்கிறேன். இப்போதைக்குச் செய்துவிடுங்கள்.

இனி `Filters > Blur > Gaussian Blur`. `Size X`, `Size Y` இரண்டிலும் 100 என்று தட்டுங்கள். `Abyss policy` என்று ஒன்று இருக்கும். அதில் `Clamp` இருக்க வேண்டும். `None` என்று விட்டால், படத்துக்கு வெளியே ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு, அந்த ஒன்றுமில்லாததையும் சேர்த்துச் சராசரி எடுக்கும். நான்கு ஓரமும் கரைந்து, பழைய கல்யாண ஆல்பத்தின் படம்போல ஆகிவிடும். ஓரம் கறுத்தோ வெளிறியோ தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஏன் 100? இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பலரும் 15 அல்லது 20-இல் நிறுத்திவிடுகிறார்கள். அந்த அளவில் படம் அவுட் ஆஃப் ஃபோகஸ் ஆனதுபோல இருக்கும், பின்னணியாக இருக்காது. பார்ப்பவர் மூளை அது என்ன படம் என்று கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கிவிடும். தமிழ் எழுத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 32 புள்ளி அளவில் எழுதினால், 1920 பிக்சல் ஸ்லைடில் ஒரு எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் ஏறக்குறைய 64 பிக்சல். மெய்யெழுத்தின் புள்ளி அதில் ஒரு சின்னப் பங்கு. பின்னணியில் அதே அளவில் வெளிச்சத் திட்டுகள் மிஞ்சியிருந்தால், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குப் புள்ளி எது, திட்டு எது என்று தெரியாது. ஆகவே எழுத்தின் அளவில் உள்ள எதுவும் பின்னணியில் மிஞ்சக்கூடாது. எழுத்தைவிடப் பல மடங்கு பெரிய அலைகள் மட்டும் இருக்கலாம்.

இந்த வடிகட்டி எதை அழிக்கும், எதை விடும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நீங்கள் கொடுக்கும் எண்ணைப்போல இரண்டு மடங்கு இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் கோடுகள் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாமல் அழிந்துவிடும். ஆறு மடங்கு இடைவெளியில் வருபவை பாதிக்கு மேல் தங்கிவிடும். 100 கொடுத்தால், 200 பிக்சலுக்கு ஒன்றாக வரும் நாற்று வரிசையும் வரப்பும் காணாமல் போகும். 600 பிக்சல் அகலமுள்ள பச்சை, பொன் பரப்புகள் நிற்கும். 20 கொடுத்தால் 40 பிக்சல் கோடுகள்தான் போகும். 100 பிக்சலுக்கு ஒன்றாக வரும் திட்டுகள் ஏறக்குறையப் பாதி பலத்தோடு அங்கேயே இருக்கும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் எண்ணை மாற்றி மாற்றிக் குருட்டாம்போக்கில் தேட வேண்டியதில்லை. படத்தில் தொந்தரவு செய்யும் திட்டு எத்தனை பிக்சல் அகலம் என்று அளந்து பாருங்கள். ஏறக்குறைய அந்த எண்ணையே மங்கலுக்குக் கொடுங்கள்.

மேலே போனால் என்ன? 200-இல் நம் வயல் இடமிருந்து வலமாக ஒரே சீரான நிறமாற்றமாகிவிடும். 400-க்கு மேல் அந்த மாற்றத்தைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது. அதற்குப் படமே எடுத்திருக்க வேண்டியதில்லை, இரண்டு நிறங்களை ஊற்றிக் கலக்கவிட்டுப் போயிருக்கலாம். வயல் படங்களுக்கு 80-லிருந்து 150-க்குள் நிற்பதையே நான் விரும்புகிறேன்.

வேறு விதமாகவும் செய்யலாம். `Filters > Blur > Linear Motion Blur` எடுத்து, கோணம் 0, நீளம் சில நூறு பிக்சல் கொடுத்தால், வயல் கிடைமட்டமாக இழுபட்டுப் பட்டுப் புடவையின் ஊடுநூல்போல வரும். தலைப்பு ஸ்லைடுக்கு அது அழகு. எழுத்து நிறைந்த ஸ்லைடுக்கு வேண்டாம். கோடுகள் வரிகளோடு போட்டி போடும்.

மங்கிய பிறகு செய்யும் திருத்தம்

சராசரி எடுத்ததால் நிறம் எப்போதும் கொஞ்சம் சோர்ந்திருக்கும். `Colors > Saturation` திறந்து `Scale` மதிப்பை 1.3 வரை உயர்த்துங்கள். இதை மங்கவைக்கும் முன் செய்யக்கூடாது. முன்னால் செய்தால் ஒவ்வொரு கதிரும் தனித்தனியே வெடித்து மஞ்சளாகி, சில இடங்களில் நிறம் அதன் உச்சத்தில் முட்டி நின்றுவிடும்.

இன்னொரு வசதி இருப்பது பலருக்குத் தோன்றுவதில்லை. உருவம் போய்விட்டதால் படத்துக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. `Image > Transform > Flip Horizontally` கொடுத்தால் வயல் திரும்பிவிடும், யாருக்கும் தெரியாது. தலைகீழாகக்கூடத் திருப்பலாம். தமிழ் இடப்பக்கம் தொடங்குகிறது. தலைப்பும் வரிகளின் தொடக்கமும் அங்கேதான். ஆகவே வெள்ளை எழுத்து என்றால் அடர்ந்த பக்கம் இடதில் இருக்கட்டும். நம் படத்தில் பச்சை ஏற்கெனவே இடதில் இருக்கிறது, திருப்ப வேண்டியதில்லை. வாய்க்கால் தண்ணீர் வலது கீழ்மூலையில் ஒரு வெளிச்சமாகத் தங்கியிருக்கும். அங்கே பக்க எண் மட்டும்தான் வரும் என்பதால் அதை விட்டுவைக்கலாம். அதுதான் இந்தப் பின்னணியில் பார்க்க நன்றாக இருக்கும் இடமும்கூட.

இருட்டா, வெளிச்சமா?

இதைத் தீர்மானிப்பது படம் அல்ல, கூட்டம் நடக்கும் இடம். நம் பக்கத்தில் விவசாயிகள் கூட்டமோ, பயிற்சியோ, சங்கக் கூட்டமோ பெரும்பாலும் கல்யாண மண்டபத்திலோ சமுதாயக் கூடத்திலோ நடக்கும். ஜன்னல்கள் திறந்திருக்கும், ட்யூப்லைட்டுகளும் எரியும், புரொஜெக்டர் வாடகைக்கு வந்ததாக இருக்கும். புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. வெளிச்சம் விழாத திரையின் நிறமே அதன் கறுப்பு. கூடத்தில் பகல் வெளிச்சம் இருந்தால் அந்தக் கறுப்பு வெளிர்சாம்பலாகிவிடும், உங்கள் அடர்பச்சைப் பின்னணியும் அதனோடு வெளிறிவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு வெளிர்நிறப் பின்னணியும் அடர்நிற எழுத்தும்தான் பொருந்தும். ஏ.சி. போட்டு இருட்டடித்த கல்லூரி அரங்கம் என்றாலோ, பெரிய டி.வி. திரையில் காட்டுவதென்றாலோ, இருண்ட பின்னணியும் வெள்ளை எழுத்தும் வைக்கலாம். எங்கே நடக்கும் என்று தெரியாவிட்டால் வெளிர்நிறத்தையே செய்துவையுங்கள்.

செய்யும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். `Layer > New Layer` திறந்து, `Fill with` என்பதில் வெளிர்நிறப் பின்னணிக்கு `White`, இருண்டதற்குக் கறுப்பையோ கரும்பச்சையையோ முன்நிறமாக முன்பே வைத்துக்கொண்டு `Foreground color` என்றும் தேர்ந்தெடுங்கள். புதிய லேயர் படத்தை மூடிவிடும். அதன் `Opacity`-யை 70-க்குக் குறைத்தால் அடியில் உள்ள நிறம் எட்டிப்பார்க்கும். அங்கிருந்து கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

எவ்வளவு போதும் என்பதைக் கண்ணிடம் விடாதீர்கள், அளந்து பாருங்கள். கணினித் திரையில் தெளிவாகத் தெரிவது மண்டபத்தில் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டைக் கணக்கிட, இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்கும்படி அமைப்பதற்கான `WCAG` நெறிமுறையில் ஒரு விகிதம் இருக்கிறது. சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 குறைந்தபட்சம். இது திரைக்காக வகுத்தது. மண்டபத்து புரொஜெக்டருக்கு நான் 7-க்குக் கீழே இறங்கமாட்டேன். கணக்கை நீங்கள் போட வேண்டாம். `WebAIM` தளத்தின் `Contrast Checker` பக்கத்தில் இரண்டு நிறங்களின் குறியீட்டைக் கொடுத்தால் விகிதத்தைச் சொல்லிவிடும்.

நிறத்தின் குறியீட்டை எடுக்க, `O` விசையை அழுத்தி `Color Picker` கருவியை எடுங்கள். அதன் அமைப்புகளில் `Sample merged` டிக் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே உள்ள லேயரின் நிறத்தை மட்டும் எடுத்துக் காட்டும். பின்னணியில் எழுத்து வரப்போகும் பகுதியில் மிக மோசமான இடத்தைக் கிளிக் செய்யுங்கள். வெள்ளை எழுத்து என்றால் மோசமான இடம் மிக வெளிச்சமான இடம். அடர்நிற எழுத்து என்றால் மிக இருண்ட இடம். பிறகு முன்நிறப் பெட்டியை இருமுறை தட்டினால் `HTML notation` என்ற இடத்தில் குறியீடு இருக்கும்.

நம் வயலின் பொன்னிறப் பகுதி, எந்த லேயரும் போடாதபோது `b8963e` என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் வெள்ளை எழுத்தின் விகிதம் 2.8. பெரிய எழுத்துக்குக்கூடத் தேறாது. பார்ப்பதற்கு அடர்ந்த பொன்னிறமாக இருப்பதால் வெள்ளை எழுத்து தாங்கும் என்றுதான் தோன்றும், அதனால்தான் அளக்கச் சொன்னேன். கறுப்பு எழுத்து என்றால் அதே நிறத்தில் 7.5 வருகிறது. வெள்ளை எழுத்துதான் வேண்டுமென்றால் இருட்டு லேயரைக் கூட்டி, அந்த இடம் `4a3c18` போன்ற கரும்பழுப்புக்கு இறங்கும்வரை போக வேண்டும். அங்கே விகிதம் 10-ஐத் தாண்டிவிடும்.

கோடு விழுவது

32 பிட்டுக்கு மாற்றச் சொன்ன காரணத்துக்கு வருவோம். எல்லாம் முடிந்து பெரிய திரையில் போட்டதும், சீராக இருக்க வேண்டிய நிறமாற்றத்தில் வளையம் வளையமாகவோ பட்டை பட்டையாகவோ கோடுகள் தெரியலாம். சாதாரணப் படக்கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான். இருண்ட பின்னணியில் இடது ஓரத்தில் பச்சை மதிப்பு 60, வலது ஓரத்தில் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1920 பிக்சல் தூரத்தைக் கடக்க 30 படிகளே இருக்கின்றன. ஒரு படிக்கு 64 பிக்சல் அகலம். படியின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும், புரொஜெக்டரில் இன்னும் நன்றாகத் தெரியும். கதிரும் வரப்பும் இருந்தவரை அந்தச் சலசலப்பு படிகளை மறைத்திருந்தது. நாம் அதைத் துடைத்துவிட்டோம்.

32 பிட்டில் வேலை செய்தால் இடையில் நடக்கும் கணக்குகளில் படிகள் சேராது. ஆனாலும் கடைசியில் சேமிக்கும்போது 256 படிகளுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். அதனால் மணல் தூவுகிறோம்: படிகளின் விளிம்பு நேர்கோடாக இல்லாமல் சிதறும்படி, கண்ணுக்குத் தெரியாத அளவு துகள் சேர்ப்பது. முதலில் `Image > Flatten Image` கொடுத்து லேயர்களை ஒன்றாக்குங்கள். பிறகு `Filters > Noise > RGB Noise`. `Independent RGB` டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் துகள்கள் பல வண்ணத்தில் வரும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் 0.02 போதும். முழு அளவில் பார்க்கும்போது துகள் மெல்லியதாகத் தெரிந்தால் சரி. ஸ்லைடு அளவில் பார்க்கும்போதும் சொரசொரப்பாகத் தெரிந்தால் அதிகமாகிவிட்டது. துகளைச் சேர்த்த பிறகு மீண்டும் மங்கவைத்தாலோ அளவை மாற்றினாலோ இந்த வேலை வீண்; இது எப்போதும் கடைசி.

`File > Export As` கொடுத்து `.jpg` ஆகச் சேமியுங்கள், தரம் 90-க்குக் குறையாமல். தரத்தைக் குறைத்தால் துகள் அழிந்து பட்டைகள் திரும்பிவிடும். `.png` கொடுத்தால் தரம் அப்படியே இருக்கும், ஆனால் துகள் இருப்பதால் கோப்பு பல மடங்கு பெருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி அடுத்த கணினியில் இறக்குவது வேண்டாம். அது தன் போக்கில் சுருக்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

ஸ்லைடில் வைப்பது

படத்தை ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒட்டாதீர்கள். எழுத்தைத் தொடப்போனால் படம் நகரும். பவர்பாயிண்ட்டில் `View > Slide Master` போய், இடப்பக்கம் மேலே உள்ள பெரிய ஸ்லைடைத் தேர்ந்து, `Background Styles > Format Background`, அதில் `Picture or texture fill`, பிறகு `Insert`. லிப்ரே ஆபீஸ் இம்ப்ரஸ் என்றால் `View > Master Slide` போய், வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து ஸ்லைடின் பண்புகளைத் திறந்தால் `Background` பகுதியில் `Image` இருக்கும். இனி எத்தனை ஸ்லைடு சேர்த்தாலும் பின்னணி தானாக வரும்.

பவர்பாயிண்ட் சேமிக்கும்போது படங்களைச் சுருக்கிவிடும் பழக்கம் உடையது. கணினியில் `File > Options > Advanced` பகுதியில் `Do not compress images in file` என்பதை டிக் செய்துவிட்டால் நாம் தூவிய துகள் பிழைக்கும்.

எழுத்துக்கு நிழல், வெளிக்கோடு எதுவும் வேண்டாம். விகிதம் சரியாக இருந்தால் அவை தேவைப்படாது. அவை தேவைப்படுகிறதென்றால் லேயரின் `Opacity`-யைத்தான் திருத்த வேண்டும். மெல்லிய எழுத்துருவையும் தவிர்த்துவிடுங்கள். ண, ணை, ஞ போன்றவற்றின் சுழிகள் புரொஜெக்டரில் அடைத்துக்கொள்ளும். வரைபடமோ அட்டவணையோ வரும் ஸ்லைடில் இந்தப் பின்னணியையே எடுத்துவிட்டு ஒற்றை நிறம் வையுங்கள். மேட்டூர் நீர்மட்டத்தைக் காட்டும் கோட்டுப் படத்துக்குப் பின்னால் இன்னொரு நிறமாற்றம் ஓடினால், கோட்டின் நிறத்தையும் பின்னணியின் நிறத்தையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள்.

ஒவ்வொரு பருவத்துக்கும் ஒன்றாகப் பல பின்னணிகள் செய்ய வேண்டியிருந்தால், கட்டளைக்குப் பழகியவர்கள் `ImageMagick` வைத்து ஒரே வரியில் முடிக்கலாம். மேலே செய்த வெட்டு, அளவு, மங்கல், நிறத் திருத்தம், துகள் ஐந்தும் அதே வரிசையில் இதில் இருக்கின்றன:

```
magick vayal.jpg -auto-orient -crop 2560x1440+900+1540 +repage \
  -resize 1920x1080 -blur 0x100 -modulate 100,130 \
  -attenuate 0.2 +noise Gaussian -quality 92 pinnani.jpg
```

`-crop` வரியில் முதல் இரண்டு எண்கள் அகலமும் உயரமும். அடுத்த இரண்டும் இடமிருந்தும் மேலிருந்தும் எவ்வளவு தள்ளித் தொடங்க வேண்டும் என்பது. அந்த நான்கு எண்கள் படத்துக்குப் படம் மாறும். விண்டோஸில் வரியின் முடிவில் உள்ள சாய்கோடுகளை எடுத்துவிட்டு ஒரே வரியாகத் தட்டுங்கள். வெளிச்சம், இருட்டு லேயரை மட்டும் இதில் நான் சேர்க்கவில்லை. அது கூடத்தைப் பொறுத்தது, ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துத்தான் வைக்க வேண்டும். அந்த லேயரைப் பின்னால் `GIMP`-இல் சேர்ப்பதாக இருந்தால், கட்டளையிலிருந்து `-attenuate 0.2 +noise Gaussian` பகுதியை நீக்கிவிட்டு, கோப்பை `.png` ஆகச் சேமித்து, துகளைக் கடைசியில் அங்கேயே தூவுங்கள்.